அழாத குரலில் துக்கம் இல்லை என்று யார் சொன்னது?

நேற்றைய கூட்டத்தில் பாரி மகளிர் பாட்டைப் பற்றி ஒரு பேச்சாளர் சொன்னதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். “இதில் உணர்ச்சியே இல்லை, வெறும் தகவல்.” கைதட்டல் வேறு. எனக்கு இரவெல்லாம் ஆறவில்லை.

தொனி என்பது பேசுகிறவரின் குரல். உணர்வுநிலை என்பது பாட்டு நம்மைச் சுற்றி எழுப்புவது. இரண்டும் ஒரே திசையில் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அந்தப் பாட்டையே, புறநானூறு 112-ஐ, எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே ஐந்து அடி. “அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்” தந்தை இருந்தார், குன்றும் பிறர் கையில் இல்லை. “இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்” குன்றை வேந்தர் கொண்டார்கள், தந்தை இல்லை. ஒரு ‘ஐயோ’ கிடையாது, கண்ணீர் கிடையாது. தொனி அவ்வளவு சமனானது. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதல் பாதியில் தந்தை முன்னால், குன்று பின்னால். இரண்டாம் பாதியில் அது புரள்கிறது. குன்று போனதைச் சொல்லிவிட்டு, கடைசிச் சொற்களாக “எந்தையும் இலமே” என்கிறார்கள். சொல்ல முடியாததைக் கடைசிவரை தள்ளிப்போட்ட குரல் அது. நிலவோ மாறவே இல்லை. அந்த ஒப்புமையே நெஞ்சை அடைக்கிறது. வேண்டுமானால் முதல் அடிக்கு முன் ஒரு ‘ஐயோ’ சேர்த்துப் படித்துப் பாருங்கள். துக்கம் கூடாது, குறையும். நமக்கு முன்னால் அவர்களே அழுதுவிடுவார்கள், நமக்கு வேலை இருக்காது.

“வென்றெறி முரசின் வேந்தர்” என்பதில் இகழ்ச்சி இருக்கிறதே, தொனி எங்கே சமன் என்று கேட்பீர்கள். அப்படிப் படிப்பவர்கள் உண்டு, சரி. அப்போதும் குரல் உயரவில்லையே!

என் பாட்டி, தாத்தா இறந்த அன்று வந்தவர்களிடம் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். “விளக்கை அணைக்கச் சொன்னார். அணைத்துவிட்டு வந்தேன். மூச்சு இல்லை.” அழவில்லை. “கல் நெஞ்சுக்காரி” என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அந்தச் சொல் இன்னும் எனக்கு வலிக்கிறது. நேற்று கேட்டதும் அதே தீர்ப்புதான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். புறநானூறு 86-இல் ‘உன் மகன் எங்கே’ என்று கேட்டவளுக்கு ஒரு தாய் பதில் சொல்கிறாள். எங்கிருக்கிறானோ தெரியாது, புலி தங்கிப் போன கற்குகை போல அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்கிறாள். தொனி முழுக்கப் பெருமிதம். எனக்கோ அந்தக் குகை காலியாக இருப்பதுதான் முதலில் தெரிகிறது. வீரத்தைக் கொச்சைப்படுத்துகிறேன் என்று சிலர் வருவார்கள். இல்லை. அவள் பெருமிதம் உண்மை, என் நடுக்கமும் உண்மை.

“எளிய வாசகருக்கு இதெல்லாம் எதற்கு” என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என் பாட்டி பள்ளிக்கூடமே போகாதவர். நிலவைப் பற்றிய இந்த ஐந்து அடிகளைப் படித்துக் காட்டியபோது, நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.