ராத்திரி ரவுட்டரை அணைப்பது பற்றி

எங்கள் சத்துவாச்சாரி பக்கம் நிறைய வீடுகளில் படுக்கப் போகும்போது கேஸ் சிலிண்டரை மூடுவதுபோல ரவுட்டரையும் அணைத்துவிடுகிறார்கள். கரண்ட் மிச்சமாம். இன்னொரு பக்கம், "தினமும் அணைத்தால் லைன் கெட்டது என்று கம்பெனி நினைத்து ஸ்பீடைக் குறைத்துவிடும்" என்று பயமுறுத்துகிறவர்கள். ஃபைபர் போட்ட வீட்டில் இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

முதலில் கரண்ட். அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் அதிகபட்சமே 12 வாட்தான். நடப்பில் 8 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 8 மணி நேரம் அணைத்தால், இரண்டு மாத பில்லில் குறைவது நாலு யூனிட்டுக்கும் கீழே. ஒன்றரை டன் ஏசி நாலைந்து மணி நேரத்தில் தின்றுவிடும் கரண்ட் அது. ஒரே ஒரு இடத்தில் இந்த நாலு யூனிட்டுக்கு மதிப்பு உண்டு. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளில். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடும். அப்போதும் ஏசியைக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்துவதுதான் சுலபம்.

சரி, லைனுக்கு வருவோம். ஸ்பீடைக் குறைப்பார்கள் என்ற பேச்சு பழைய செம்புக் கம்பி லைனில் இருந்து வந்தது. இங்கிலாந்தில் ஓபன்ரீச் நிறுவனத்தின் செம்பு லைன்களை ஒரு தானியங்கி முறை கண்காணிக்கிறது. லைன் அடிக்கடி அறுந்தால் ஸ்பீடைக் குறைத்து நிலைப்படுத்தும். அங்கேயும் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஒழுங்காக அணைப்பதால் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. கரண்ட் போகும் நொடியில் மோடமே எதிர்முனைக்கு "கரண்ட் போய்விட்டது" என்று ஒரு கடைசிச் சேதி அனுப்பிவிடும்.

செம்பு லைனில் உண்மையான சிக்கல் வேறு. மோடம் ஆன் ஆகும் நேரத்தில் லைனில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறதோ, அதற்கு மேல் வழக்கமாக 6 டெசிபெல் இடைவெளி விட்டு ஸ்பீடை முடிவு செய்யும். இதுதான் சிங்க். பொழுது விடிந்து இரைச்சல் குறைந்திருக்கும்போது சிங்க் ஆனால் ஸ்பீடு அதிகமாகவே கிடைக்கும். இருட்டியதும் தூரத்து மத்திய அலை வானொலி எல்லாம் கம்பியில் ஏறும். 6 இருந்த இடைவெளி 2, 3 என்று இறங்கி லைன் அறுந்து திரும்ப இணையும். செம்பு லைன் வைத்திருப்பவர்கள் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் இந்த இடைவெளியைக் காட்டும் SNR Margin என்ற எண்ணைக் காலையிலும் ராத்திரியிலும் பார்த்தாலே இது தெரியும்.

ஃபைபரில் இந்தக் கதையே இல்லை. பெட்டி ஆன் ஆனதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் எதிர்முனையில் பதிவாகிவிடும். PON விளக்கு நிலையாக எரிந்தால் முடிந்தது. ஸ்பீடு உங்கள் பிளான்படி வருவது, சிங்க்கைப் பொறுத்தது இல்லை.

அப்படியென்றால் காலையில் ஏன் மெதுவாக இருக்கிறது? காட்பாடியில் என் பெரியம்மா வீட்டில் இதைத்தான் பார்த்தேன். 40 எம்பிபிஎஸ் பிளான். பெரியம்மா பத்தரைக்கு அணைத்து காலை ஆறரைக்குப் போடுவார். அண்ணனுக்கு ஏழு மணி மீட்டிங், குரல் விட்டு விட்டு வரும். "லைன்ல ஏதோ கோளாறுடா" என்றார் அண்ணன். பெட்டியில் ஒளி அளவு மைனஸ் 21, நல்ல அளவு. லேப்டாப்பைக் கேபிளில் போட்டும் 6 எம்பிபிஎஸ்தான் வந்தது. வீட்டில் இருந்த எல்லா போன்களிலும் வைஃபையை அணைக்கச் சொன்னேன். உடனே 38 வந்துவிட்டது.

காரணம் இதுதான். போட்டோ பேக்கப், வாட்ஸ்அப் பேக்கப், ஆப் அப்டேட் எல்லாம் ராத்திரி சார்ஜில் கிடக்கும்போது வைஃபையில் ஓடும்படி அமைக்கப்பட்டவை. ராத்திரி வைஃபை இல்லாததால் அத்தனையும் காலை ஆறரைக்குக் காத்திருந்து ஒன்றாகப் பாய்கின்றன. மேலே அனுப்பும் பாதை போட்டோக்களால் நிரம்பினால், லேப்டாப் கேட்கும் சின்னச் சின்னத் தகவலும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கும். அதனால்தான் லைன் நன்றாக இருந்தும் எல்லாமே இழுக்கிறது. அதன்பின் பெரியம்மா அணைப்பதில்லை, ஏழு மணி மீட்டிங்கும் ஒழுங்காக நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபைபர் பெட்டியில் வீட்டு போனும் செருகியிருந்தால், பெட்டியை அணைத்ததும் போன் செத்துவிடும். தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டில் ராத்திரி அணைக்கவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் மழைக்காலத்தில் நம் பக்கம் சாயங்காலம் இடி இடிக்கும்போது அணைக்கத்தான் வேண்டும். அப்போது சுவிட்சை மட்டும் தட்டாமல் அடாப்டரையே பிளக்கில் இருந்து பிடுங்குங்கள். செம்பு லைனாக இருந்தால் டெலிபோன் வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். சாதாரண ஃபைபர் இழை கண்ணாடி என்பதால் மின்னல் அதில் வராது, அதைக் கழற்ற வேண்டாம். அடிக்கடி கழற்றி மாட்டினால் முனையில் தூசி சேர்ந்து LOS என்ற சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிவிடும்.