இரவு மாத்திரையையும் கணக்கில் சேருங்கள்

வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து ஒரே மாத்திரை விற்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. அட்டையின் முன்பக்கத்தில் நிலாவும் ‘இரவு’ என்ற சொல்லும் பளிச்சென்று தெரிகின்றன. பாராசிட்டமால் என்பதைப் பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர் இதைத் தூக்க மாத்திரை என்றே நினைத்துக்கொள்கிறார்.

பரவலாக விற்கும் வகையில், ஒரு மாத்திரையில் 500 மி.கி. பாராசிட்டமாலும் 25 மி.கி. டைஃபென்ஹைட்ரமினும் இருக்கும். பின்னது ஒவ்வாமைக்கான பழைய மருந்து. அது தரும் மயக்கம்தான் இங்கே தூக்கமாகிறது. படுக்கும்போது இரண்டு போடச் சொல்கிறார்கள். அதாவது 1000 மி.கி. பாராசிட்டமால்.

முதுகுவலியோடு சளியும் பிடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 8, மதியம் 2, இரவு 8 என மூன்று வேளை இரண்டிரண்டு பாராசிட்டமால் போடுகிறார்: 3000. சளி மாத்திரை இரண்டு வேளை, அதிலும் ஒவ்வொன்றில் 500: ஆக 4000. வயது வந்தவருக்கு 24 மணி நேர உச்சவரம்பே அவ்வளவுதான். எடை குறைந்தவர்களுக்கும் தொடர்ந்து குடிப்பவர்களுக்கும் அதுவே அதிகம். 10 மணிக்கு இரவு மாத்திரை இரண்டு போட்டதும் 5000 ஆகிவிடுகிறது. முந்தைய வேளைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளிகூட இல்லை. இத்தனைக்கும் எந்த ஒரு மருந்தையும் அவர் அதற்குரிய அளவுக்கு மேல் போடவில்லை.

ஒரு நாளோடு நின்றால் பெரும்பாலோர் தப்பித்துவிடுவார்கள். ஆனால் டைஃபென்ஹைட்ரமினின் தூக்கம் சில நாட்களிலேயே உடலுக்குப் பழகிப்போகிறது. தூக்கம் வராதவர் மூன்றாவது மாத்திரையை எடுக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது மயக்கம் மட்டும். கூடவே இன்னொரு 500 பாராசிட்டமாலும் உள்ளே போகிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்ததன் வினை இது. முதியவர்களுக்கோ அந்த மயக்கமே மறுநாள் காலைவரை தங்கும். குழப்பம், சிறுநீர் அடைப்பு, தடுமாறி விழுதல் எல்லாம் அதோடு வரும்.

பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. அதைச் செயலிழக்கச் செய்வது உடலே தயாரிக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள். அளவு மிஞ்சினால் அதன் கையிருப்பு தீர்ந்துபோய், கல்லீரல் செல்கள் சாகத் தொடங்குகின்றன. தொடக்கத்தில் குமட்டலும் சோர்வும் மட்டும் இருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். சளிக்காரர் அதையும் சளியின் மேல் போட்டுவிடுவார். வலது விலாவுக்குக் கீழே வலியும் மஞ்சள் காமாலையும் பிறகுதான் வருகின்றன.

என்னைக் கேட்டால், வலியால் தூக்கம் கெட்டவருக்குத் தனிப் பாராசிட்டமாலே போதும். வலியே இல்லாதவருக்கு இந்த மாத்திரையால் வேலை இல்லை. போடத்தான் வேண்டுமென்றால், இரவு 8 மணி வேளையையும் சளி மாத்திரையையும் விட்டுவிட வேண்டும். சில நாடுகளின் அட்டைகளில் ‘அசிட்டமினோஃபென்’ என்றிருக்கும். அதுவும் இதே மருந்துதான்.

அளவு மிஞ்சியது தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நச்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு பலன் தரும். போகும்போது எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குப் போட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் விழுங்கியவருக்கு இரத்தத்தில் உள்ள பாராசிட்டமாலின் அளவை வைத்து முடிவெடுக்க உதவும் வரைபடம், நாள் முழுக்கச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டவருக்குப் பொருந்தாது.