காதைப் பார்த்து அக்கறையை அளக்கிறவர்களுக்கு

நேற்றைய ஸ்கிரீன்ஷாட் விஷயம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் என் முகம் பக்கவாட்டில் தெரிந்த படத்தை எடுத்து, குழுவில் போட்டு, "மேடம் வேறு உலகத்தில் இருக்கிறார்" என்று சிரிப்புப் பொம்மை வைத்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மை வைத்தேன். அப்புறம் இரவு பதினொன்றரை வரை தூங்கவில்லை.

நான் மீட்டிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே 27 அங்குல மானிட்டர், இடது ஓரத்தில் திறந்து வைத்த லேப்டாப். ஆட்கள் மானிட்டரில், கேமரா லேப்டாப்பில். பேசுகிறவரை நான் மரியாதையாகப் பார்க்கப் பார்க்க, அவருக்குத் தெரிந்தது என் இடது காது. கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் கேமரா இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதில் அக்கறை எங்கே குறைந்தது?

அப்பாவுக்கும் இதே குறைதான். திருநெல்வேலியிலிருந்து வீடியோவில் வந்தால், "ஏம்மா, பக்கத்தில யாரு இருக்கா? அவங்ககிட்ட பேசி முடிச்சிட்டு வா" என்பார். அவர் கேட்டபோது சிரித்தேன். ஆபீஸில் கேட்டபோது வலித்தது.

சரி, செய்ததைச் சொல்கிறேன். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, மானிட்டரை மட்டும் வைத்து வேலை செய்வதென்று முடிவெடுத்தேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சாதாரண யு.எஸ்.பி. வெப்கேம் ஒன்று வாங்கினேன். தனி கீபோர்டும் மவுஸும் ஏற்கெனவே இருந்தன. விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், இடது பக்கம் `Choose what closing the lid does` என்பதை அழுத்தினால் `When I close the lid` என்று ஒரு வரி இருக்கும். அதில் `Plugged in` பக்கத்தை மட்டும் `Do nothing` ஆக்கினேன். பேட்டரிப் பக்கம் `Sleep` அப்படியே இருக்கட்டும். இரண்டையும் மாற்றினால், மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப் விழித்துக்கொண்டே வந்து, சில்க் போர்டு சிக்னலைத் தாண்டுவதற்குள் இட்லிப் பானையாகிவிடும்.

மூடியதும் மீட்டிங்கில் கறுப்புத் திரை. மூடிக்குள் இருக்கும் பழைய கேமராவையே அது பிடித்துக்கொண்டிருந்தது. குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததாம், மைக்கும் உள்ளேதானே. கேமரா, மைக் இரண்டையும் மீட்டிங் செட்டிங்கில் புதிதாகத் தேர்ந்தெடுத்த பிறகுதான் சரியானது.

வெப்கேமை மானிட்டர் உச்சியின் நடுவில் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மானிட்டரை உயரமாக வைத்திருந்ததால் என் உச்சந்தலையும் பின்னாலிருந்த துணிக்கொடியும்தான் பிரமாதமாகத் தெரிந்தன. மேல் விளிம்பு என் புருவ உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டை இறக்கினேன். அப்போதும் கண் தரையைத் தேடியது. காரணம் எளிது. மீட்டிங் ஜன்னல் திரை முழுக்க விரிந்திருந்தது, பேசுகிறவர் முகம் நடுவில். கேமராவுக்கும் அந்த முகத்துக்கும் 20 செ.மீ. இருந்தது. நான் உட்காரும் 65 செ.மீ. தூரத்தில் அது ஏறக்குறைய 17 டிகிரி கீழ்ப்பார்வை. ஜன்னலைச் சின்னதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே தள்ளியதும் 6 செ.மீ. ஆனது, அதாவது 5 டிகிரி. எதிரில் இருப்பவர் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சோதிக்க ஒரு வழி: அந்த இடத்தில் இருக்கும் முகத்தைப் பார்த்தபடி கேமரா ஆப்பில் ஒரு போட்டோ எடுங்கள். உங்கள் இமை பாதி மூடியதுபோல் வந்தால் ஜன்னல் இன்னும் மேலே போக வேண்டும்.

"மூடி வைத்தால் சூடாகாதா?" என்று ஒரு அண்ணா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சில மாடல்கள் கீபோர்டு வழியாகவும் காற்று வாங்கும், அவற்றை மூடி வைத்து அழுத்தி வேலை வாங்கக் கூடாது. என்னுடையது அடியில் வாங்கிப் பின்னால் விடும் வகை. காற்றுத் துளை அடைபடாமல் ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறேன். ஃபேன் ஓயாமல் இரைந்தால் திறந்துவிடுவேன். பவர் பட்டன் மூடிக்குள் இருப்பதால் தினமும் காலையில் ஒரு தடவை திறந்துதான் ஆக வேண்டும். அது தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன்.

"லேப்டாப்பையே நேரே வைத்துப் பார்க்க வேண்டியதுதானே?" என்றவருக்கு: 14 அங்குலத் திரையை எட்டு மணி நேரம் குனிந்து பார்த்த என் கழுத்தைக் கேளுங்கள். "இதற்கெல்லாம் ஒரு பதிவா?" என்றவருக்குப் பதில் இல்லை. உங்கள் காதை யாரும் குழுவில் போடவில்லை.

அப்புறம் ஒன்று. படம் போட்டவரின் லேப்டாப் மடியில்தான் இருக்கும். மூன்று வருடமாக நான் அவருடைய மூக்குத் துவாரத்தையும் சீலிங் ஃபேனையும் பார்த்தபடிதான் வேலை விவரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை யாரும் வேறு உலகம் என்று சொன்னதில்லை. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் இல்லை.

இன்று காலை புது ஏற்பாட்டோடு, கேமராவுக்கு நேராக உட்கார்ந்தேன். அவர் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசினார்.