வரிசைப்படுத்த வேண்டியது நேரத்தை அல்ல, சதவீதத்தை

"ஓட்டப் பந்தயத்தில் வயதுக் காரணி போட்டுத் திருத்திய நேரத்தை வைத்தே ஆண் பெண் எல்லாரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தலாமே?"

கூடாது, எங்கள் ஓட்டக் குழுவிலும் முதல் வருஷம் இதே தப்பைச் செய்தோம். வயதுக் காரணி என்பது ஓடிய நேரத்தைப் பெருக்க அட்டவணையில் வயதுவாரியாகத் தரும் எண், அது வயதை மட்டும்தான் சரிசெய்யும், ஆண் பெண் வித்தியாசம் அப்படியே நிற்கும். புரிவதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன், அட்டவணையில் கொஞ்சம் மாறும். 5 கி.மீ. ஓட்டம், 60 வயது ஆண் 22:00, காரணி 0.80, பெருக்கினால் 17:36. 50 வயதுப் பெண் 22:30, காரணி 0.87, பெருக்கினால் ஏறக்குறைய 19:35. நேரத்தை வைத்துப் பார்த்தால் அந்த ஆண் ஏறக்குறைய இரண்டு நிமிடம் முன்னால் இருக்கிறார்.

இப்போது அவரவர் பாலினத்தின் உச்ச நேரத்தை, அதாவது வயது வரம்பில்லாத உலகத் தர நேரத்தை, இந்தத் திருத்திய நேரத்தால் வகுங்கள். ஆண்களுக்கு 13:00, பெண்களுக்கு 14:45 என்று வைத்தால் அவருக்கு 73.9%, அந்த அம்மாவுக்கு 75.4%. வரிசை தலைகீழாகிவிட்டது! பொதுப் பட்டியலுக்கு இந்தச் சதவீதம்தான் வேண்டும்.

அப்புறம் ஒன்று, சாலை ஓட்டத்துக்கும் தடகளத்துக்கும் அட்டவணை வேறு, அதிலும் சில வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்கிறார்கள். 2015, 2020 சாலை அட்டவணைகளை ஒரே பட்டியலில் கலந்தால் அரை சதவீத வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. 80 வயதுக்கு மேல் இன்னும் கவனம் வேண்டும், அங்கே ஓடுகிறவர்களே குறைவு, ஓரிருவரின் அசாத்திய ஓட்டம் வளைகோட்டையே இழுத்துவிடும். காரணி எடுக்கும்போது வயதுப் பிரிவை வைக்காமல் ஓடிய அன்றைய வயதையே போடுங்கள்.