இயந்திரத்தின் சந்தை விலைதான் கணக்கில் வருமா?

பரவும் தகவல்: "டிமாண்ட் குறைஞ்சா மெஷினை இன்னைக்கு வித்தா என்ன கிடைக்குமோ, அந்த விலைக்கே புத்தக மதிப்பை இறக்கிடணும்."

தவறு. விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை ஒன்று. தொடர்ந்து ஓட்டினால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதுவே மீட்கத்தக்க தொகை. புத்தக மதிப்பு அதைத் தாண்டினால் மட்டுமே குறைக்க வேண்டும்.

ஓர் இயந்திரத்தின் புத்தக மதிப்பு 1,000 என்று வைப்போம். விற்றால் 600; கழற்றி அனுப்ப 40 செலவு; மிச்சம் 560. ஓட்டினால் இன்னும் 3 ஆண்டுகளுக்கு, ஆண்டு முடிவில் 300 வீதம் நிகரமாக வரும். 10% வட்டியில் தள்ளுபடி செய்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 746. ஆகவே இழப்பு 254தான், 440 அல்ல. அது லாப நட்டக் கணக்கில் ஏறும். அடுத்த ஆண்டிலிருந்து தேய்மானம் 746-ஐ வைத்தே. எச்ச மதிப்பு இல்லையெனில் ஆண்டுக்குச் சுமார் 249.

பலர் சறுக்குவது அந்த 300-இல்தான். டிமாண்ட் விழுந்த பிறகும் பழைய பட்ஜெட்டின் விற்பனை எண்ணிக்கையையே போட்டுவிடுகிறார்கள். இழப்பு காகிதத்தில் மறைந்துவிடுகிறது. ஆடிட்டர் கடைசி சில மாத ஆர்டர் விவரத்தைக் கேட்கலாம். இனிமேல் செய்யப்போகும் மேம்பாட்டால் வரும் கூடுதல் வரவையும் இதில் சேர்க்கக் கூடாது.

டிமாண்ட் திரும்பி மீட்கத்தக்க தொகை உயர்ந்தால் இழப்பைத் திருப்பி எழுத வேண்டும். ஆனால் புதிய புத்தக மதிப்பு, இழப்பே பதியாமல் வழக்கமான தேய்மானம் மட்டும் போயிருந்தால் நின்றிருக்கும் மதிப்பைத் தாண்டக் கூடாது.