வைசாகியும் அமிர்தமும்: கோதுமை அறுவடைக்கு அப்பால்

ஏப்ரல் 14 அன்று நாம் சித்திரை முதல் நாளைக் கொண்டாடும்போது பஞ்சாபில் வைசாகி. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான், சூரியன் மேஷத்தில் நுழையும் நாள். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் விதைத்த கோதுமை அங்கே அந்தச் சமயத்தில்தான் அறுவடைக்கு வரும். ஆண்டுதோறும் நம் ஊடகங்கள் பாங்ரா ஆட்டத்தையும் கதிர்க்கட்டையும் காட்டி "பஞ்சாபின் பொங்கல்" என்று முடித்துக்கொள்கின்றன. சீக்கியர்களுக்கு அந்த நாளின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை ஒரு வரியில் கடந்துபோவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

வைசாகிக்குக் குருவைத் தேடிவந்து கூடும் வழக்கம் மூன்றாம் குரு அமர்தாஸ் காலத்திலேயே இருந்தது. 1699 வைசாகியில் ஆனந்த்பூரில் கூடிய கூட்டத்தின் முன் பத்தாம் குரு கோவிந்த் சிங் உருவிய வாளோடு நின்று ஒரு தலை வேண்டும் என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். லாகூரின் தயாராம், ஹஸ்தினாபூரின் தரம்தாஸ், பூரியின் ஹிம்மத் ராய், துவாரகையின் மொகம் சந்த், கர்நாடகத்து பீதரின் சாஹிப் சந்த். இவர்களில் தண்ணீர் சுமப்பவரும் உண்டு, நாவிதரும் உண்டு. குரு அவர்களுக்கு அமிர்தம் என்ற இனிப்பு நீரைத் தீட்சையாகக் கொடுத்தார். அதன்பின் அதே ஐவர் முன் அமர்ந்து தனக்கும் அமிர்தம் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு இதுதான் அன்றைய நாளின் உச்சம். இன்றும் தீட்சை கொடுக்கப் பூசாரி கிடையாது. ஏற்கெனவே அமிர்தம் பெற்று நெறி தவறாமல் வாழும் ஐந்து பேர் கொடுக்கலாம், அவர்களில் பெண்களும் இருக்கலாம். ஆறாவதாக ஒருவர் சீக்கியரின் மறைநூலான குரு கிரந்த் சாஹிபுக்குப் பின்னால் அமர்ந்திருப்பார்.

பெறுபவர் தலைக்குக் குளித்து, ஐந்து அடையாளங்களோடு வரவேண்டும்: வெட்டாத முடி, மரச்சீப்பு, கையில் இரும்புக் காப்பு, அரைக்கால் உள்ளாடையான கச்சேரா, தோள்வாரில் குறுவாளான கிர்பான். கிர்பானைப் பையில் வைத்துக்கொண்டு வந்தால் ஏற்கமாட்டார்கள். வேறு சமயச் சின்னம், தொப்பி, குத்திப் போடும் நகை எதுவும் கூடாது. சாதியும் நாடும் தடையில்லை. விவரம் தெரியாத சிறு வயதுதான் தடை, ஏனென்றால் ஏற்பது சபதம்.

இரும்புக் கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, பதாஷா என்ற சர்க்கரை வில்லைகளைப் போடுவார்கள். ஐவரும் வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது முழங்காலை நிமிர்த்தி, கிண்ணத்தைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் ஜப்ஜியை ஓதியபடியே இருபுறமும் கூரான கண்டா வாளால் தண்ணீரைக் கலக்க, மற்ற நால்வரும் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்திருப்பார்கள். பிறகு ஜாப், பத்து சவையா, சௌபாய், ஆனந்த் சாஹிப் என மொத்தம் ஐந்து பாடல் தொகுதிகள். நிதானமாக ஓதினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதன்பின் ஒவ்வொருவரும் இடது கையின் மேல் வலது கையைக் குழித்து வைத்து ஐந்து முறை வாங்கிக் குடிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் "வாஹேகுரு ஜீ கா கால்சா, வாஹேகுரு ஜீ கீ ஃபதே" என்று சொல்லவேண்டும். தீட்சை பெற்றோர் சபையான கால்சா இறைவனுடையது, வெற்றியும் இறைவனுடையது என்று பொருள். பிறகு கண்ணில் ஐந்து முறை, முடியில் ஐந்து முறை தெளிப்பார்கள். மிச்சத்தை எல்லோரும் ஒரே கிண்ணத்திலிருந்து மாறி மாறிக் குடிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன சாதி என்று பார்க்கிறவரால் அந்த மிடற்றைக் குடிக்க முடியாது. சாதி ஒழிப்பைப் பேச்சோடு நிறுத்தாமல் தொண்டைக்குள் இறக்கிய சடங்கு இது.

பிறகு விதிகள். அதிகாலையில் ஜப்ஜி, ஜாப், சவையா. மாலையில் ரெஹ்ராஸ், படுக்குமுன் சோஹிலா என்று தினமும் ஓதவேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு குருவின் பேரால். நான்கு பெருங்குற்றங்கள் உண்டு: முடியை வெட்டுவது, ஹலால் முறையில் அறுத்த இறைச்சியை உண்பது, துணையல்லாதவரோடு உறவு, புகையிலை.

பலரும் குழம்புவது இங்கேதான். அமிர்தம் பெற்ற ஒருவர் மது குடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது தண்டனைக்குரிய தவறு, ஆனால் அந்த நான்கில் ஒன்றல்ல. அவர் சபை முன் வந்து ஒப்புக்கொண்டு, ஐவர் விதிப்பதைச் செய்தால் போதும். வரதட்சணையும் நரைமுடிக்குச் சாயம் பூசுவதும் இதே வகை. முடியை வெட்டியவரோ புகையிலை தொட்டவரோ என்றால் நிலை வேறு, அவருடைய தீட்சையே முறிந்துவிடுகிறது. மறுபடி அமிர்தம் கேட்டு வருகிறவரைத் தனியே நிறுத்தி, முதலில் தண்டனை விதித்து, பிறகுதான் புதியவர்களோடு சேர்ப்பார்கள்.

தண்டனை பெரும்பாலும் கையால் செய்யும் சேவை: பொதுச் சமையற்கூடமான லங்கரில் பாத்திரம் தேய்ப்பது, வருகிறவர்களின் செருப்பைத் துடைப்பது போல. ரெஹத் மரியாதா என்ற நெறிநூல் இரு பக்கத்துக்கும் விதி வைக்கிறது. தண்டனை பெறுபவர் வாதாடக்கூடாது. மன்னிப்புக் கேட்டு வந்தவரிடம் சபை பிடிவாதம் காட்டக்கூடாது.