அந்தப் பிள்ளை தேடிப் போகவில்லை

யூடியூபில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த தன் பிள்ளைக்கு ஒரு பயங்கரமான போலி கார்ட்டூன் வந்துவிட்டது என்று முந்தாநாள் தண்டையார்பேட்டை அம்மா ஒருவர் பதிவு போட்டிருந்தார். அதன் கீழே வந்த கருத்துகளை எல்லாம் படித்தேன். "போனைக் கொடுத்துவிட்டு சீரியல் பார்த்திருப்பாள்" என்று எழுதியவர்களுக்குத்தான் இது. அந்தப் பிள்ளை எதையும் தேடவில்லை. அதற்கு இன்னும் எழுதவே தெரியாது. பெப்பா பிக் என்கிற பன்றிக்குட்டி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்து அந்தப் போலி வீடியோ தானாக ஓடியது, அவ்வளவுதான்.

இது புதிதும் இல்லை. பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் முகங்களை வைத்துப் பயங்கரமான வீடியோ எடுப்பதைப் பற்றி 2017-லேயே 'எல்சாகேட்' என்று பெயர் வைத்து உலகம் முழுக்கப் பேசினார்கள். பெப்பாவைப் பல் டாக்டர் சித்திரவதை செய்கிற போலி வீடியோ அப்போது வெளியே வந்ததுதான். பிள்ளைக்குத் தெரிந்த முகம், அதே நிறம், தலைப்பில் நாலைந்து கார்ட்டூன் பெயர்கள். இதைப் பார்த்துத்தான் யூடியூப் அதை நல்ல கார்ட்டூனுக்குப் பக்கத்தில் வைக்கிறது.

ராயபுரத்தில் என் அக்கா மகன் பல் தேய்க்க வாயே திறக்காமல் அழுதான். காரணம் புரியாமல் போனில் ஹிஸ்டரியைப் பார்த்தோம். அதே மாதிரிப் பல் டாக்டர் வீடியோ ஒன்று இருந்தது. அந்தச் சானலின் பெயரிலும் பெப்பா இருந்தது. ஆனால் வீடியோ பட்டியலில் பெப்பாவும் எல்சாவும் ஒரே கதையில் வந்தார்கள். ஃப்ரோசன் படத்து எல்சா டிஸ்னி கம்பெனியுடையது, பெப்பா ஹாஸ்ப்ரோ கம்பெனியுடையது. இரண்டையும் சேர்த்து ஒருவர் கதை எடுத்தால் அவர் சொந்தக்காரர் இல்லை. எந்தச் சானலிலும் முதலில் இதைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் டிக்கை மட்டும் நம்பாதீர்கள், அது உள்ளே இருப்பது நல்லதா என்று சொல்லாது.

"பிள்ளைகளுக்கென்றே யூடியூப் கிட்ஸ் ஆப் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதிலும் போலிகள் நுழைந்தன. அந்த ஆப்பில் பூட்டுப் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் பிள்ளையின் பெயரைத் திறந்து, Approved content only என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் நீங்கள் பார்த்து டிக் செய்தவை மட்டும்தான் வரும், தேடவும் முடியாது. நம் சென்னையிலேயே எடுக்கிற சுச்சு டிவி மாதிரி, யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்த சானல்கள் நாலைந்து போதும். முழுச் சானலுக்கு அனுமதி கொடுத்தால் அதில் நாளை ஏறுகிற வீடியோவும் வரும். அதனால் எப்போதாவது எட்டிப் பாருங்கள். முக்கியமாக, சாதாரண யூடியூபைப் பிள்ளை தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பூட்டு அங்கே வேலை செய்யாது.

"போனே கொடுக்காதே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே அறை வீடு, கீழே லாரி ஓடுகிற தெரு, அடுப்பில் கொதிக்கிற உலை. என் அக்கா பிள்ளையை எங்கே விளையாட விடுவாள்? அவள் புருஷன் துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார். அவரை ஒருவரும் கேட்கவில்லை. போலிச் சானல்காரனைக் கேட்கவில்லை, அதை ஓடவிட்ட கம்பெனியையும் கேட்கவில்லை. அம்மா மட்டும் அகப்பட்டாள்.

அந்த அம்மா பதிவையே நீக்கிவிட்டார். மற்றவர்களை எச்சரிக்கத்தானே எழுதினார்? அவரை அப்படித் திட்டியவர்கள் இன்றைக்கே அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.